ரொறன்ரோவிலிருந்து எந்த எஸ்எஸ்டியை வாங்கி வரச் சொல்வது?

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், அக்காவின் மகள் எனக்கு ஒரு படத்தை அனுப்பிவிட்டு, "மாமா, இது என் கணினிக்குச் சரிவருமா?" என்று கேட்டிருந்தாள். ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய சித்தப்பா திருவிழாவுக்கு வருகிறார். வரும்போது ஒரு டெராபைட் எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில் மலிவாகக் கிடைத்ததைப் படம் எடுத்து அனுப்பியும் இருக்கிறார். நீளமான, மெல்லிய, கறுப்பு அட்டை. பெட்டியில் எம்.2 என்றும் 2280 என்றும் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

அவள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். 256 கிகாபைட் எஸ்எஸ்டி நிரம்பிவிட்டது. ஒவ்வொரு செய்முறைக்கும் எதையாவது அழித்துத்தான் இடம் பிடிக்கிறாள். மாற்ற வேண்டியது உறுதி. எதை வாங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். ரொறன்ரோவில் வாங்கிய பொருள் இங்கே பொருந்தாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. கொழும்புக் கடையில் வாங்கினாலாவது பஸ்ஸில் பொதியாகத் திருப்பி அனுப்பி மாற்றிக்கொள்ளலாம். கடல் தாண்டி வந்தது அப்படியே மேசை லாச்சியில் கிடக்கும். மடிக்கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இப்படி லாச்சியில் கிடக்கும் புத்தம்புது எஸ்எஸ்டிகளைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துவிட்டது. ஒவ்வொன்றும் யாரோ ஓர் உறவினர் அன்போடு சுமந்து வந்தது.

ஆகவே அவளிடம், "பிள்ளை, சித்தப்பாவை இரண்டு நாள் பொறுக்கச் சொல். கணினியைக் கொண்டு வா" என்று பதில் எழுதினேன்.

அவள் வந்ததும் மூடியைத் திறக்கவில்லை. முதலில் கணினியிடமே கேட்டோம். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இந்த இரண்டு வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இட்டால் போதும்:

```
Get-PhysicalDisk | Select-Object FriendlyName, BusType, Size
Get-CimInstance Win32_ComputerSystemProduct | Select-Object Name, Version
```

முதல் வரி உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியின் மொடல் பெயரையும், அது எந்த வழியாகக் கணினியோடு பேசுகிறது என்பதையும் காட்டும். `BusType` என்ற நிரலில் `NVMe` என்றோ `SATA` என்றோ வரும். என்விஎம்இ என்பது வேகமான புதிய வழி, சாட்டா என்பது வேகம் குறைந்த பழைய வழி. சில கணினிகளில் `RAID` என்று வரும். இன்டெலின் சேமிப்பு மென்பொருள் நடுவில் நிற்பதால் அப்படிக் காட்டுகிறது. அதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. அப்போது மொடல் பெயரை எடுத்து, அந்த எஸ்எஸ்டியின் விவரத்தாளைத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது வரி கணினியின் மொடலைச் சொல்லும். லெனோவோ கணினிகளில் `Name` என்பதில் ஓர் எண்குறியும் `Version` என்பதில் நாம் அறிந்த பெயரும் வரும். கணினியின் மூடியில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே பெயரில் வெளியான கணினிகள் உள்ளே ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கின்றன.

மருமகளின் கணினியில் `NVMe` என்று வந்தது. அவளுக்கு மகிழ்ச்சி. "அப்படியானால் சித்தப்பா பார்த்ததும் அதே வகைதானே?" என்றாள். வகை அதுதான். ஆனால் மொடல் பெயரைத் தேடியபோது, உள்ளே இருந்த எஸ்எஸ்டி 2242 என்று தெரிந்தது. சித்தப்பா பார்த்து வைத்திருப்பது 2280.

இந்த நான்கு இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். முதல் இரண்டும் அகலம், 22 மில்லிமீற்றர். மடிக்கணினி எஸ்எஸ்டிகளுக்கு இது மாறாது. அடுத்தவை நீளம். 2230 என்றால் 30 மில்லிமீற்றர், 2242 என்றால் 42, 2280 என்றால் 80. நடுவில் 60, கடைசியில் 110 என்ற நீளங்களும் உண்டு. மடிக்கணினிகளில் அவற்றைக் காண்பது அரிது. நீளம் என்பது பொன்னிறப் பற்களின் நுனியிலிருந்து மறுமுனை வரையான முழு அளவு. மறுமுனையில் அரைவட்டமாக ஒரு குழிவு இருக்கும். அந்த அரைவட்டத்தின் மேல்தான் திருகாணியின் தலை உட்கார்ந்து அட்டையை அழுத்திப் பிடிக்கும்.

நீளம் வேறுபட்டால் வேகமோ தரமோ மாறிவிடாது. திருகாணி ஏறும் குமிழ் எங்கே இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. ஆகவே சில கணினிகளில் நீளம் ஒரு தடையே இல்லை. பலகையில் இரண்டு மூன்று இடங்களில் குமிழுக்கான துளை இருக்கும். குமிழைக் கழற்றி இடம் மாற்றிவிடலாம். டெல் இன்ஸ்பைரன் வரிசையில் சில கணினிகள் 2230 எஸ்எஸ்டியோடு வருகின்றன. திறந்து பார்த்தால் 2280 வரைக்கும் இடம் காலியாகக் கிடக்கும். சிறிய அட்டை இருந்ததற்காகச் சிறியதுதான் பொருந்தும் என்று அங்கே முடிவு கட்டினால் அது வீண் அலைச்சல். மறுபக்கம், 2242 குமிழுக்கு ஒரு சென்றிமீற்றர் தள்ளிப் பற்றரி தொடங்கும் கணினிகளும் உண்டு. அங்கே 2280 எந்த வகையிலும் படுக்காது. எந்த நிலை என்பதைத் திறந்து பார்த்தாலன்றிச் சொல்ல முடியாது. உற்பத்தியாளரின் பராமரிப்புக் கையேட்டில் அந்தப் பக்கத்தின் படம் இருந்தால் திறக்காமலும் சொல்லலாம்.

திறந்தோம். திறப்பதற்கு முன்னர் ஒரு வேலை இருந்தது. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில், உரிமையாளர் கேட்காமலே வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதன் மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. அவளுடைய மைக்ரோசொப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். பிறகு கணினியை முழுவதுமாக நிறுத்தி, மின்னேற்றியைக் கழற்றி, அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே பற்றரியின் இணைப்பைப் பிரித்த பிறகுதான் மற்றவற்றில் கை வைத்தேன்.

பழைய அட்டையின் திருகாணியைக் கழற்றியதும் அது தானாகச் சரிந்து எழும்பி நின்றது. ஏறத்தாழ இருபது முப்பது பாகைச் சரிவில் வெளியே இழுத்தால் வந்துவிடும். அடிக்கோலை எடுத்துக் காலியான ஸ்லொட்டின் வாயிலிருந்து குமிழின் நடு வரை அளந்தேன். 38 மில்லிமீற்றர். 42 எங்கே போனது என்று அவள் கேட்டாள். மீதி நான்கு மில்லிமீற்றரளவு பற்கள் ஸ்லொட்டின் உள்ளே போகும் பகுதி. ஆகவே வெற்று ஸ்லொட்டை அளப்பவர்களுக்கு எப்போதும் பெயரில் உள்ளதைவிடச் சிறிது குறைவாகவே வரும். அதனால் குழப்பம் வராது, ஏனென்றால் 30க்கும் 42க்கும் இடையில் 12 மில்லிமீற்றர் இருக்கிறது. குமிழுக்கு அப்பால் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் அளந்தேன். ஒரு விரல் அகலம்கூட இல்லை, பற்றரி வந்துவிட்டது. சித்தப்பா பார்த்து வைத்த 2280 அந்த இடத்திலேயே கழிந்தது.

நீளத்தைப் பலரும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். அடுத்ததில்தான் பணம் போகிறது. அட்டையின் பற்களுக்கு நடுவே உள்ள வெட்டு அது.

எம்.2 என்ற இந்த அட்டை வகையின் விளிம்பில் மொத்தம் 75 பல்லிடங்கள் உண்டு. அவற்றில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருப்பார்கள். ஸ்லொட்டின் உள்ளே அதே இடத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் மேடு இருக்கும். வெட்டும் மேடும் பொருந்தினால்தான் அட்டை உள்ளே போகும். வெட்டு 12 முதல் 19 வரையான இடங்களில் இருந்தால் அது பி கீ. 59 முதல் 66 வரை இருந்தால் எம் கீ. எம் கீ ஸ்லொட்டில், என்விஎம்இ பாவிக்கும் தரவுப் பாதைகளான பிசிஐஇ தடங்கள் நான்கு வரை போகலாம். பி கீயில் இரண்டுதான். இன்றைய வேகமான என்விஎம்இ அட்டைகள் அநேகமாக எல்லாமே எம் கீ வெட்டு ஒன்றை மட்டும் கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். சாட்டா வகை அட்டைகள் பெரும்பாலும் இரண்டு வெட்டுகளோடும் வரும். அவற்றைப் பி ஸ்லொட்டிலும் செருகலாம், எம் ஸ்லொட்டிலும் செருகலாம்.

இதிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். அட்டையில் இரண்டு வெட்டுகள் இருக்கலாம், ஆனால் ஸ்லொட்டில் மேடு ஒன்றுதான் இருக்கும். பழைய அட்டையில் இரண்டு வெட்டுகளைக் கண்டால் ஸ்லொட் எது என்று அதிலிருந்து தெரியாது. அட்டையைக் கழற்றி, ஸ்லொட்டின் வாயை வெளிச்சத்தில் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு வெட்டு மட்டும் இருக்கும்போது, அது எது என்று அறியச் சிறு பக்கத்தில் உள்ள பற்களை எண்ணுவார்கள். ஐந்து என்றால் எம், ஆறு என்றால் பி. இது சரிதான், ஆனால் அட்டையின் மேற்பக்கத்துக்கு மட்டுமே. அட்டையைப் புரட்டினால் எண்ணிக்கை மாறிவிடும். ஒற்றைப்படை எண் கொண்ட பற்கள் மேலேயும் இரட்டைப்படை எண் கொண்டவை கீழேயும் இருப்பதால், அடிப்பக்கத்தில் எம் கீக்கு நான்கும் பி கீக்கு ஐந்தும்தான் தெரியும். அடிப்பக்கத்தில் ஐந்தை எண்ணிவிட்டு "எம்" என்று சொல்பவர் உண்மையில் பி வெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணுவதற்கு முன்னர் லேபிள் ஒட்டிய பக்கம், அதாவது பொருத்தும்போது நம்மை நோக்கி இருக்கும் பக்கம், மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருமகளின் பழைய அட்டையில் மேற்பக்கத்தில் ஐந்து பற்கள் தனியே நின்றன. கைத்தொலைபேசியின் விளக்கைப் பிடித்து ஸ்லொட்டையும் பார்த்தோம். எம் கீ.

பக்கத்தில் இன்னொரு குறுகிய ஸ்லொட் தெரிந்தது. அதில் வைஃபை அட்டை இருந்தது. அதுவும் 22 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. அதிலும் இரண்டு வெட்டுகள் உண்டு. ஆனால் அவை ஏ, இ என்ற வேறு இடங்களில் இருப்பவை. எஸ்எஸ்டிக்கு அந்த ஸ்லொட் உதவாது. அட்டையின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் கொளுவியிருந்தால் அது வைஃபை என்று விட்டுவிடலாம்.

இனி நம் முன்னால் என்னென்ன இருந்தன என்று பார்ப்போம். ஸ்லொட் 42 மில்லிமீற்றர், எம் கீ. உள்ளே ஓடுவது என்விஎம்இ. மூடியின் கீழ் இரண்டரை அங்குல வட்டுக்கான வெற்றுக் குழியும் ஒன்று இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கடைகளில் விசாரித்தபோது எளிதில் கிடைத்தது சாட்டா வகை எம்.2 அட்டை. விலை குறைவு. இரண்டு வெட்டுகள் கொண்டது. 2242 நீளத்திலும் கிடைத்தது. கடைக்காரத் தம்பி கையில் எடுத்துக் காட்டி, "அண்ணா, இது எதிலும் ஏறும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவளுடைய ஸ்லொட்டில் அது ஏறும், திருகாணியும் இறுகும், மூடியையும் மூடலாம். கணினியை இயக்கினால் வட்டே இல்லை என்று சொல்லும். எம் கீ ஸ்லொட் என்பதற்காக உற்பத்தியாளர் அதில் சாட்டா தடத்தையும் கொண்டுவந்து இணைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில கணினிகளில் இரண்டும் இருக்கும், சிலவற்றில் என்விஎம்இ மட்டும், பழையவை சிலவற்றில் சாட்டா மட்டும். வெட்டு என்பது அட்டை உள்ளே போகுமா என்பதற்கு மட்டுமே பதில் சொல்கிறது. போன பின் பேசுமா என்பதற்குக் கணினியின் விவரத்தாள்தான் சாட்சி. அவளுடைய கணினியின் விவரத்தாளில் அந்த ஸ்லொட்டுக்கு நேரே என்விஎம்இ மட்டும் இருந்தது. நான் பார்த்த தவறான வாங்குதல்களில் அதிகமானவை இந்த இடத்தில்தான் நடந்திருக்கின்றன. பொருந்தாத பொருளைக் கை உடனே உணர்ந்துவிடும். பொருந்திவிட்டுப் பேசாமல் இருக்கும் பொருள்தான் மனிதரை ஒரு வாரம் அலைக்கழிக்கும்.

இரண்டு வெட்டு என்றால் சாட்டாதான் என்றும் எண்ணிவிட வேண்டாம். இரண்டு பிசிஐஇ தடங்களோடு இரு வெட்டும் கொண்ட என்விஎம்இ அட்டைகளும் இருக்கின்றன. தோஷிபாவின் ஆர்சி100 அப்படிப்பட்டது, 2242 நீளம். அதற்கென்று ஓர் இடமும் உண்டு. அலுவலகங்களில் ஓடிவிட்டு இங்கே பாவித்த கணினிகளாக வந்து சேரும் திங்க்பேட் டி480இல், சிம் மொடத்துக்கென்று வைத்த பி கீ ஸ்லொட் ஒன்று இருக்கிறது. மொடம் இல்லாத கணினிகளில் அது காலியாகக் கிடக்கும். 2242 நீளமுள்ள, இரு வெட்டும் கொண்ட என்விஎம்இ அட்டையை அங்கே இரண்டாவது வட்டாகப் போடலாம். அதே நீளமும் அதே வெட்டுகளும் கொண்ட சாட்டா அட்டையை அங்கே போட்டால் தெரியாது. ஒரு வெட்டு மட்டும் உள்ள எம் கீ அட்டை உள்ளேயே போகாது. மேட்டில் முட்டி நிற்கும். அதை வலிந்து அழுத்தினால் ஸ்லொட்டின் பற்கள் வளையும். அந்த ஸ்லொட்டை மாற்றுவது தாய்ப்பலகையில் செய்யும் நுண்ணிய ஒட்டுவேலை.

அடுத்த தெரிவு இரண்டரை அங்குலக் குழி. அதில் சாட்டா எஸ்எஸ்டி போடலாம். ஸ்லொட்டின் நீளம், வெட்டு என்ற தலையிடியே இல்லை. தடிப்பு 7 மில்லிமீற்றராக இருந்தால் போதும். பழைய எஸ்எஸ்டியை அப்படியே விட்டுவிட்டு இதை இரண்டாவது வட்டாகவும் வைக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். பாடக் கோப்புகளையும் படங்களையும் வைக்க அது தாராளம். எனக்கும் முதலில் இதுதான் பிடித்திருந்தது. ஆனால் குழியைப் பார்த்தால், வட்டைத் தாங்கும் சட்டமும் இல்லை, தாய்ப்பலகையோடு இணைக்கும் நாடாக் கம்பியும் இல்லை. எஸ்எஸ்டியோடு மட்டும் விற்ற மொடல்களில் உற்பத்தியாளர்கள் இவற்றைப் போடாமலே அனுப்பிவிடுவார்கள். அந்த நாடா ஒவ்வொரு மொடலுக்கும் வெவ்வேறு. கொழும்பிலும் அந்த மொடலுக்கு உரியது உடனே கிடைக்கவில்லை. உங்கள் கணினியில் சட்டமும் நாடாவும் இருந்தால், இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்காமலே இதை வாங்கலாம்.

இந்த இரண்டும் கழிந்ததும், 2242 நீளத்தில் எம் கீ என்விஎம்இ என்ற நேரான தெரிவு எஞ்சியது. பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு, அதே குமிழில் அதே திருகாணியைப் பூட்டுவதுதான் வேலை. குறை என்னவென்றால் கிடைப்பது அரிது. 2280ஐ எல்லோரும் செய்கிறார்கள். 2242ஐச் செய்பவர்கள் சிலரே. ஒரு டெராபைட் அளவில் பார்த்தால், விலையும் அதே அளவுள்ள 2280ஐவிட ஏறி நிற்கிறது.

கடைசியாக ஒரு சுற்றுவழி இருந்தது, 2230. கையில் ஏந்தும் விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக் 2022இல் வந்தது. அதிலும், மைக்ரோசொப்டின் சர்ஃபேஸ் கணினிகள் சிலவற்றிலும் இந்த 30 மில்லிமீற்றர் அட்டைதான் இருக்கிறது. அவற்றின் உரிமையாளர்கள் பெரிய அளவு தேடியதால், ஒரு டெராபைட், இரண்டு டெராபைட் 2230 அட்டைகள் வெளிநாட்டுக் கடைகளில் தாராளமாகப் புழங்குகின்றன. எம் கீ ஒற்றை வெட்டு, என்விஎம்இ. 12 மில்லிமீற்றர் குறைவதால் குமிழை எட்டாது என்பதுதான் இதன் குறை. அதற்கு ஒரு நீட்டுத் தகடு விற்கிறார்கள். தகட்டின் ஒரு முனையை அட்டையின் அரைவட்டக் குழிவோடு சிறு திருகாணியால் பூட்டுவார்கள். மறுமுனையில் 42 மில்லிமீற்றர் தூரத்தில் இன்னோர் அரைவட்டம் இருக்கும். அதில் மின்சாரம் எதுவும் ஓடுவதில்லை, வெறும் கைப்பிடிதான். அட்டையை ஒட்டும் பசைநாடாவால் ஒட்டிவிட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். நான் அதைச் செய்யமாட்டேன். இந்த வெயிலில், பற்றரியின் பக்கத்தில், பசை இளகும். அட்டை சரிந்து எழும்பினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். வட்டு திடீரென்று காணாமற்போய், மூடியை அழுத்தினால் திரும்பி வருகிற நோய் அதிலிருந்து தொடங்கும்.

நீளம் கூடிய அட்டையைக் குறுக்க வழி கிடையாது, குறைந்ததை நீட்ட வழி உண்டு. ஆகவே 2242 இடத்துக்கு 2280ஐப் பற்றி எண்ணவே வேண்டாம். 2230ஐப் பற்றி எண்ணலாம்.

தடிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சில அட்டைகளில் நினைவகச் சில்லுகள் இரண்டு பக்கமும் இருக்கும். மெல்லிய மடிக்கணினிகளில் அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் நடுவே அந்தக் கீழ்ப்பக்கச் சில்லுகளுக்கு இடம் இராது. அட்டை வில்லாக வளைந்து உட்காரும். வாங்கும்போது ஒற்றைப்பக்கம் என்று விவரத்தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டெராபைட்டில் அநேகமாக ஒற்றைப்பக்கமே கிடைக்கும்.

வேகத்தைப் பற்றிச் சித்தப்பா கவலைப்பட்டார். கடையில் நான்காம் தலைமுறைப் பிசிஐஇ அட்டை நொடிக்கு 7000 மெகாபைட் என்று விளம்பரம் ஒட்டியிருந்ததாம். மருமகளின் கணினி மூன்றாம் தலைமுறை. அதில் நான்கு தடங்கள் இருந்தாலும் 3500ஐ அண்டித்தான் போகும். புதிய தலைமுறை அட்டை பழைய ஸ்லொட்டில் வேலை செய்யும், ஆனால் ஸ்லொட்டின் வேகத்தில். அந்தக் கூடுதல் வேகத்துக்கென்று அவர் பணம் கொடுக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே விலையில் இருந்தால் எதை வாங்கினாலும் சரி.

என் தீர்ப்பு இதுதான்: 2242 நேராகக் கிடைத்தால் அதையே வாங்குவது. கிடைக்காவிட்டால் 2230ஐயும் நீட்டுத் தகட்டையும் சேர்த்து வாங்குவது. தகட்டைத் தனியே இங்கே தேடலாம் என்று விட்டுவிடக் கூடாது. அட்டையோடு அதுவும் அதே பெட்டியில் வர வேண்டும்.

ரொறன்ரோவுக்கு அனுப்ப வேண்டிய செய்தியை மருமகளே எழுதினாள். நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. "சித்தப்பா, நீங்கள் பார்த்தது வேண்டாம், அது நீளம் கூட. 2242 என்று போட்டிருக்க வேண்டும். என்விஎம்இ என்றும் போட்டிருக்க வேண்டும், சாட்டா என்று எங்கேயும் இருக்கக் கூடாது. பொன்னிறப் பற்களில் வெட்டு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் வாங்காமல் படம் அனுப்புங்கள். 2242 இல்லையென்றால் 2230, அதோடு 42க்கு நீட்டும் தகடும் வேண்டும்."

இரண்டு நாள் கழித்து நள்ளிரவில் படம் வந்தது. கடைக்காரர் 2242 என்று எடுத்துக் கொடுத்ததை அவர் கண்ணாடி மேசையில் வைத்து எடுத்திருந்தார். நீளம் சரி. பற்களில் இரண்டு வெட்டுகள் தெளிவாகத் தெரிந்தன. லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தால், கீழ் மூலையில் சிறிய எழுத்தில் சாட்டா என்று இருந்தது. அவர் வாங்கவில்லை. மறுநாள் வேறொரு கடையில் 2230 ஒன்றையும், சிறு பொலித்தீன் பையில் இருந்த தகட்டையும் வாங்கினார்.

திருவிழா தொடங்கி ஐந்தாம் நாள் அவர் அதை என்னிடம் கொண்டுவந்தார். பழைய எஸ்எஸ்டியில் இருந்தவற்றைப் பிரதி எடுக்க, வெளியே வைத்து இணைக்கும் யுஎஸ்பி கூடு ஒன்று வேண்டியிருந்தது. அதிலும் சாட்டாவுக்கு ஒன்று, என்விஎம்இக்கு ஒன்று என்று உண்டு. என்னிடம் இருந்தது இரண்டையும் ஏற்பது. புதிய அட்டையைக் கூட்டில் போட்டுப் பிரதி எடுத்து முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பிறகு தகட்டைப் பூட்டி, அட்டையைச் சரித்துச் செருகி, மெதுவாகப் படுக்க வைத்தேன். தகட்டின் அரைவட்டம் குமிழின் விளிம்பில் சரியாக வந்து நின்றது. பழைய திருகாணியே பூட்டியது. விரலால் தட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை.

மூடியைப் போடும் முன்னர் பற்றரியை இணைத்து இயக்கினோம். அவளே பவர்ஷெல்லைத் திறந்து முதல் வரியை மறுபடி இட்டாள். `BusType` நிரலில் `NVMe`. `Size` நிரலில் 1000204886016. அவளுடைய சித்தப்பா அந்தப் பதின்மூன்று இலக்கங்களையும் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் 256 கிகாபைட் பழைய அட்டையை ஒரு சிறு உறையில் போட்டு, மேலே "2242, எம், என்விஎம்இ" என்று எழுதி அவளிடம் கொடுத்தேன்.